6 அகராதி, 36 மாணவர்கள்

பாடத்தில் புரியாத சொல் ஒன்றைத் தமிழ் அகராதியில் தேடும் மாணவர் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. முதலில், கண்ட சொல்லின் உருபையும் விகுதியையும் கழற்றி, அகராதியில் அது எந்த வடிவத்தில் இருக்கும் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த வடிவம் அகரவரிசையில் எங்கே விழும் என்று கணிக்க வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து பக்கத்தைப் பிடிக்க வேண்டும். கடைசியாக, அங்கே கொடுத்திருக்கும் பல பொருள்களில் தன் வாக்கியத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நான்கில் மூன்றாவதற்கு மட்டுமே புத்தகம் கையில் இருந்தாக வேண்டும். நான்காவதைக்கூட, பதிவைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்து செய்யலாம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்பில் 36 பேருக்கு 6 பிரதிகள்தான் இருக்கின்றன என்றாலும் அகராதிப் பயிற்சியை ஒழுங்காக நடத்த முடிவது இதனால்தான்.

நடுநிலை வகுப்புகளுக்கு எந்த அகராதி என்ற கேள்விக்குப் பல விடைகள் உண்டு. இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. 1992இல் முதற்பதிப்பும் 2008இல் விரிவாக்கிய பதிப்பும் 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்த இந்த அகராதி, இன்று எழுத்திலும் பேச்சிலும் புழங்கும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. வினைச்சொல்லாக இருந்தால் அதன் இரண்டு வடிவங்களை அடைப்புக்குறிக்குள் காட்டுகிறது. கடைசியாகச் சொன்ன இந்தச் சிறு வசதி வகுப்பறையில் எவ்வளவு உதவுகிறது என்பது பின்னால் தெரியும். விலையும் கனமும் அதிகம் என்பதால் ஆளுக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கும் 6 பிரதிகளும் ஒரே பதிப்பாக இருப்பது அவசியம். பதிப்பு மாறினால் பக்க எண் மாறும்; எல்லாக் குழுவையும் ஒரே பக்கத்துக்கு அழைக்க ஆசிரியரால் முடியாது.

வரிசை தெரியுமா?

எழுத்துகளை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அகரவரிசை தெரியும் என்று நினைப்பது வழக்கம். ‘ம’ முந்தியா ‘ர’ முந்தியா என்று கேட்டால் பலர் க, ங, ச என்று தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். அகராதியைப் புரட்டும்போது இந்த முணுமுணுப்பு ஒவ்வொரு பக்கத்திலும் நடக்கும். நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். அதனால் முதல் இரண்டு மூன்று பாடவேளைகளுக்கு அகராதி அலமாரியிலேயே இருக்கலாம். ஆசிரியர் ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்ல, அதற்கு முந்தியதையும் பிந்தியதையும் பிள்ளைகள் உடனே சொல்ல வேண்டும். இப்படிக் கேட்டுப் பார்த்தால் பலவீனமான இடம் எது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது வரிசையின் வால்: ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஒலியால் நெருங்கிய ல, ழ, ள மூன்றும் அடுத்தடுத்து இருக்கும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். இடையில் ‘வ’ புகுந்திருப்பது நினைவில் நிற்பதில்லை.

அடுத்தது புள்ளி எழுத்து. தமிழ் அகராதியில் மெய்யெழுத்து அதன் உயிர்மெய்க்கு முன்னால் வரும். க் முந்தி, க பிந்தி. ஆகவே ‘பக்கம்’ முதலில், ‘பகல்’ அதன் பிறகு. ‘பட்டம்’, ‘பட்டு’ இரண்டும் முடிந்த பிறகுதான் ‘படகு’, ‘படம்’, ‘படி’, ‘படை’. இந்த விதியை வாயால் சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடும்; சீட்டுகளைக் கையால் அடுக்கும்போதுதான் பதிகிறது. பழைய நாட்காட்டித் தாளை வெட்டி, பாடம், பனி, பறவை, பள்ளி, பழம், பல், பந்து, படகு, பகல், பக்கம் என்று 10 சொற்களைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதிக் கலைத்துக் கொடுக்கலாம். சரியான அடுக்கு: பக்கம், பகல், படகு, பந்து, பல், பழம், பள்ளி, பறவை, பனி, பாடம். இதில் ‘பாடம்’ கடைசியில் வருவதைப் பலர் ஏற்க மாட்டார்கள். ‘பா’ என்பது ‘ப’ வரிசை முழுவதும் முடிந்த பிறகு வரும் தனி எழுத்து என்பதை அந்த ஒரு சீட்டு காட்டிக்கொடுக்கும்.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு வரும் எழுத்துகள் இன்னொரு பொறி. ‘தேர்’ என்ற சொல்லை எழுதும்போது கை முதலில் கொம்பைத்தான் போடுகிறது. கண்ணுக்கும் அதுவே முதலில் படுகிறது. ஆனால் சொல் இருப்பது ‘த’ வரிசையில், ‘தெ’ முடிந்த பிறகு. ஆறாம் வகுப்பிலும் சில பிள்ளைகள் இதில் தடுமாறுவார்கள். அவர்களைத் தனியாக அழைத்து த, தா, தி என்று தௌ வரை எழுதவைத்து, தேர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று விரல் வைக்கச் சொன்னால் போதும்.

இந்த வரிசைமுறை ஒரே நாளில் வந்ததல்ல. பழைய நிகண்டுகள் சொற்களைச் செய்யுளாகப் பொருள் வாரியாகத் தொகுத்தன. 1594இல் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதிதான் இன்றைய அகராதிக்கு முன்மாதிரி ஆனது. முதலெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும் பிள்ளை ஒன்றும் மந்தமில்லை.

ஓர் எச்சரிக்கை ஆசிரியருக்கு. சொற்பட்டியலைக் கணினியில் தட்டி, மென்பொருளே வரிசைப்படுத்தட்டும் என்று விட்டால், சில மென்பொருள்கள் எழுத்துக் குறியீட்டு எண்ணின்படி அடுக்கிவிடும். அந்த எண்வரிசையில் ந-வை அடுத்து ன வருகிறது. ற, ர-வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் போய்விடுகின்றன. அச்சாகிப் பிள்ளைகள் கைக்குப் போகும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிட வேண்டும்.

அகராதியில் எந்த வடிவம்?

வரிசை பிடிபட்ட பிறகு வருவது இதைவிடக் கடினமான வேலை. பாடத்தில் சொற்கள் அகராதி வடிவத்தில் இருப்பதில்லை. ‘உழவர் வரப்பில் நின்று, வயலில் பாய்ந்த நீரைக் கண்டு மகிழ்ந்தார்’ என்ற வாக்கியத்தில் ‘உழவர்’ ஒன்றுதான் அப்படியே கிடைக்கக்கூடியது. வரப்பில் என்பது வரப்பு. வயலில் என்பது வயல். நீரை என்பது நீர். இவற்றை உருபைக் கழற்றினால் எடுத்துவிடலாம். நின்று, பாய்ந்த, கண்டு, மகிழ்ந்தார் ஆகிய நான்குக்கும் வினையடி தேவை.

வினையடியைக் கண்டுபிடிக்க எளிய வழி, எதிரில் இருப்பவரிடம் அந்தச் செயலைச் செய்யச் சொல்வது போலக் கட்டளையாகச் சொல்லிப் பார்ப்பது. பாய்ந்த என்பது ‘பாய்’ ஆகிறது, மகிழ்ந்தார் ‘மகிழ்’ ஆகிறது. நின்று என்பதற்குப் பிள்ளை ‘நில்லு’ என்றுதான் சொல்லும். பேச்சில் அப்படித்தானே வழக்கம்? நில்லு, சொல்லு, கேளு என்று வருபவற்றின் கடைசி உகரத்தைத் தள்ளி நில், சொல், கேள் என்றும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் தேடலாம். இரண்டும் அருகருகேதான் இருக்கும். ‘கண்டு’ என்பதற்குக் கட்டளை கேட்டால் ‘பார்’ என்று பதில் வரும். அங்கே இந்த வழி உதவாது. இப்படி அடி மாறுபவற்றை வகுப்புச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவதே மேல்: வந்து–வா, தந்து–தா, கண்டு–காண், சென்று–செல், நின்று–நில், கேட்டு–கேள், கற்று–கல்.

பெயர்ச்சொல்லில் ஒரு மறைந்த குழி இருக்கிறது. ‘ஆற்றில்’ என்ற சொல்லிலிருந்து ‘இல்’ உருபைக் கழற்றினால் ‘ஆற்று’ மிஞ்சுகிறது. அகராதியில் ‘ஆற்று’ உண்டு. சூட்டைத் தணிப்பது, ஒரு பணியைச் செய்வது என்ற பொருளில் வினையாக உண்டு. சொல் கிடைத்துவிட்டதால் பிள்ளைக்குச் சந்தேகமே எழாது. ‘ஆற்றில் மீன் பிடித்தனர்’ என்பதற்குச் சூடு தணிப்பதைப் பொருளாக எழுதிவிட்டுப் போய்விடும். சொல் கிடைக்காத பிழையைவிட இது மோசமானது, ஏனென்றால் வெற்றி போலவே தோன்றுகிறது. இதைப் பிடிக்க, உருபுக்கு முன் ட்டு, ற்று, த்து என்று நின்றால் இரண்டு வடிவங்களையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் வேண்டும்: ஆற்று / ஆறு, வீட்டு / வீடு, மரத்து / மரம்.

ஒரு பாடவேளை எப்படி ஓடும்?

40 நிமிடப் பாடவேளை, 36 மாணவர்கள், 6 பிரதிகள் என்று கொள்ளலாம். ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்கள். ஆறு பேர் ஒரு புத்தகத்தைச் சூழ்ந்தால் இருவருக்குத்தான் எழுத்து நேராகத் தெரியும். மற்ற நால்வர் எதிர்ப்புறத்திலிருந்து தலைகீழாகப் பார்ப்பார்கள், பிறகு பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். ஆகவே குழுவை மூன்று இணைகளாகப் பிரிக்க வேண்டும். ஓர் இணை அகராதியில் தேடும். இன்னோர் இணை சீட்டு அடுக்கும். மூன்றாவது இணை பாடப்பகுதியிலிருந்து சொற்களை எடுத்து அகராதி வடிவத்துக்கு மாற்றும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் 30 நிமிடத்தில் எல்லாருக்கும் புத்தகம் கிடைத்துவிடும். மீதி 10 நிமிடம் வகுப்பு முழுவதும் சேர்ந்து பேசுவதற்கு.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு கண்டிப்பு வேண்டும்: சீட்டு எழுதாமல் யாரும் புத்தகத்தின் பக்கம் வரக்கூடாது. சீட்டின் மேல்பாதியில் பாடத்தில் கண்ட வடிவம், அகராதி வடிவம் என்று தான் நினைப்பது, பொருள் என்னவாக இருக்கலாம் என்ற ஊகம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கீழ்ப்பாதி தேடிய பிறகு நிரப்புவது: பக்க எண், பொருந்திய பொருள், அந்தப் பதிவுக்கு நேர் மேலே உள்ள சொல். முதல் சுற்றில் புத்தகத்துக்கு வரும் இணை முந்தைய வகுப்பில் எழுதி வைத்த சீட்டோடு வரும்.

மேலே உள்ள சொல்லையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழுவில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால் பொருளைப் பார்க்காமலே சொல்லிவிடும். மற்றவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள். அக்கம்பக்கத்துச் சொல்லைப் பக்கத்தைத் திறக்காமல் யாராலும் சொல்ல முடியாது. இணைக்குள்ளும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவர் பக்கம் புரட்ட, மற்றவர் பக்கத்தின் தலைப்பில் அச்சாகியிருக்கும் சொல்லை வாசித்து ‘முன்னே போ’ அல்லது ‘பின்னே போ’ என்று சொல்ல வேண்டும். அடுத்த சொல்லுக்கு வேலை மாற வேண்டும்.

புரட்டுவதை விரைவாக்க ஒரு வழி, அகராதியைக் கால்வாசி, பாதி, முக்கால்வாசியில் திறந்து அங்கே எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்து வைப்பது. தமிழில் பாதிப் புத்தகம் பெரும்பாலும் த-வை ஒட்டி விழும். உயிரெழுத்துகள், க, ச ஆகியவை முன்பாதியை நிறைத்துவிடும். ப, ம, வ பின்பாதியில். ட, ர, ல போன்றவை டாக்டர், ரயில், லாரி என்று வந்தேறிய சொற்களோடு மெலிந்த பகுதிகளாக இருக்கும். புத்தகத்தின் வெட்டுப்பக்கத்தில் எழுத்துக்கு ஒரு மை அடையாளம் வைப்பதும் உண்டு. 6 பிரதிகளில் நான்குக்கு மட்டும் அடையாளம் வைத்துவிட்டு இரண்டை வெறுமையாக விடுவது நல்லது. அடையாளம் இல்லாமலும் பிள்ளைக்குத் தேட வருகிறதா என்று சோதிக்க அவை தேவைப்படும்.

பல பொருள்களில் ஒன்று

‘பாய்ந்த’ என்ற சீட்டோடு வரும் இணை ‘பாய்’ என்ற இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளைக் காணும். ஒன்று வினை, இன்னொன்று படுக்கும் பாய். கப்பலில் கட்டும் பாயும் உண்டு. ஒரே எழுத்துக்கூட்டில் வேறு வேறு சொற்கள் இருந்தால் அகராதி எண்ணிட்டுப் பிரிக்கும். இங்கேதான் அடைப்புக்குறி வடிவங்கள் கைகொடுக்கின்றன. வினைக்குப் பக்கத்தில் (பாய, பாய்ந்து) என்று இருக்கும். பாடத்தில் கண்டது ‘பாய்ந்த’ என்பதால் இதுதான் இடம். ‘படி’ போன்ற சொல்லில் இது இன்னும் தெளிவு. (படிக்க, படித்து) என்பது புத்தகம் படிப்பது; (படிய, படிந்து) என்பது தூசி படிவது; வடிவம் எதுவும் இல்லாமல் பெ. என்ற குறி மட்டும் இருந்தால் ஏறும் படி. பெ. என்றால் பெயர்ச்சொல், வி. என்றால் வினைச்சொல், பே.வ. என்றால் பேச்சு வழக்கு. இந்த மாதிரிக் குறிகளில் ஐந்தாறு தெரிந்தால் போதும். பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்வது வீண்.

பதிவுக்குள்ளும் பொருள் ஒன்றோடு நிற்காது. தாவுதல் ஒரு பொருள், நீர் ஓடுதல் இன்னொரு பொருள். முதலில் கண்டதை எழுதிவிடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள பழக்கம். பொருளை மூலச் சொல்லின் இடத்தில் வைத்து வாக்கியத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் ‘வயலில் தாவிய நீர்’ என்பதைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். இரண்டாவது பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

சொற்குடும்பம்

ஒரு சொல்லைத் தேடப் போன இடத்தில் அதன் உறவுகளையும் சேர்த்து எடுத்துவருவது, பிரதி குறைவாக இருக்கும் வகுப்புக்கு லாபம். ஒருமுறை திறந்தால் ஐந்து சொல் கிடைக்கிறது. இதற்கு ‘விடு’ நல்ல சொல். விடு, விடுகதை, விடுதலை, விடுதி, விடுப்பு, விடுமுறை எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. விடுமுறை தெரியாத பிள்ளை இல்லை. அதிலிருந்து விடுப்புக்கும் விடுதலைக்கும் போவது சுலபம்.

ஆனால் அகரவரிசை உறவு பார்த்து அடுக்குவதில்லை. ‘விடு’வுக்குச் சற்று முன்னால் ‘விடியல்’ இருக்கிறது. எழுத்து ஒத்திருந்தாலும் அது ‘விடி’ என்ற வேறு வினையிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால், ‘விடா’ என்று தொடங்கும் இடத்தில், விடாப்பிடியும் விடாமுயற்சியும் இருக்கின்றன. இவை ‘விடு’வின் பிள்ளைகள்தான்; விடாத பிடி, விடாத முயற்சி. பக்கத்தில் நிற்கும் விடியல் அந்நியம், அதைத் தாண்டி நிற்கும் விடாமுயற்சி சொந்தம். இன்னும் தூரத்தில், ‘வி’ வரிசை முழுவதும் முடிந்த பிறகு ‘வீடு’ வருகிறது. விடு என்பதன் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் அது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போது விடுதலை என்ற பொருள் அப்படியே இருக்கிறது. கெடு–கேடு, சுடு–சூடு, படு–பாடு, பெறு–பேறு ஆகியவையும் இப்படி வெவ்வேறு பக்கங்களில் பிரிந்து கிடப்பவை. அருகில் உள்ளவற்றை அள்ளிக்கொண்டு வந்துவிட்ட பிள்ளையிடம், முதலெழுத்தை நீட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டு இரண்டாம் முறை அனுப்ப வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் அகரவரிசையே பாடம் நடத்துகிறது. அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து, வருந்து–வருத்து என்ற இணைகளில் ஒன்று தானே நடப்பது, மற்றது பிறரால் நடத்தப்படுவது. தன்வினையில் மெல்லினமும் பிறவினையில் வல்லினமும் நிற்கின்றன. எழுத்து வரிசையில் க்-குக்கு அடுத்துத்தான் ங், த்-துக்குப் பிறகுதான் ந். அதனால் இந்த வகை இணைகள் எல்லாவற்றிலும் பிறவினை முந்தி வரும். அடக்கு முதலில், அடங்கு பிறகு. ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு வகையிலும், புள்ளி எழுத்து முந்தும் என்ற விதியால், பிறவினையே முன்னால் நிற்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பத்து இணைகளைக் கொடுத்துத் தேடவிட்டால் இந்த ஒழுங்கை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இலக்கணமும் அகரவரிசையும் ஒரே வேலையில் முடிந்துவிடும்.

உறவு உண்மையா, எழுத்து ஒற்றுமையா என்று அறிய ஒரு வாக்கியச் சோதனை இருக்கிறது. சந்தேகச் சொல்லுக்கு, வினையடியைப் பயன்படுத்தியே விளக்கம் சொல்லிப் பார்க்க வேண்டும். கல் என்ற வினையை எடுத்தால், கல்வி கற்பது, கற்பித்தல் கற்க வைப்பது, கல்லூரி கற்கும் இடம், மூன்றும் பொருந்துகின்றன. கல்வெட்டும் கல்லறையும் கற்பதோடு ஒட்டவில்லை; அவை பாறைக் கல்லின் குடும்பம். ‘கற்பனை’யும் ஒட்டவில்லை. அது வடமொழியிலிருந்து வந்த சொல், எழுத்து மட்டும் இப்படி அமைந்துவிட்டது. நீர் பாய்ச்சு, நாலுகால் பாய்ச்சல், அறிவியல் பாடத்தில் வரும் பாய்மம் ஆகியவை ‘பாய்’ என்ற வினையின் சொந்தம். பாய்மரமும் கோரைப்பாயும் இல்லை.

இந்தச் சோதனை எப்போதும் தீர்ப்புச் சொல்லாது. ‘விடுதி’ தங்கும் இடமாயிற்றே, அங்கே எதை விடுகிறோம் என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி. க்ரியா அகராதி சொற்பிறப்பு சொல்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பல சொற்களுக்கு அடியைக் காட்டுகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த நூலை இன்று இணையத்திலும் பார்க்கலாம். கேள்வியைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வீட்டில் பார்த்து மறுநாள் சொல்லலாம். அதற்குள் அவசரப்பட்டு ஒரு கதை கட்டிச் சொல்லிவிடக் கூடாது.

அகராதி காட்டவே முடியாத உறவுகளும் உண்டு. கேடு என்ற சொல் சீர்கேடு, முறைகேடு என்று பின்பாதியில் போய் ஒட்டிக்கொண்டால், அவை ‘ச’விலும் ‘ம’விலும் போய்ச் சேர்ந்துவிடும். விடு என்பதன் கைவிடு ‘க’வில் இருக்கும். இவற்றை அகராதியைப் புரட்டித் திரட்ட முடியாது. செய்தித்தாளிலும் மற்றப் பாடங்களிலும் கண்ணில் படும்போது பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, நடுவில் வினையடியை எழுதி, சுற்றிலும் இடம் விட்டு வைப்பது இதற்காகத்தான். கிடைத்த சொல்லை அகராதியில் சரிபார்த்த பிறகு மட்டும் மையால் எழுதலாம், அதுவரை பென்சில்.

யாருக்கு வந்திருக்கிறது?

தனித்தனியாகச் சோதிக்கவும் 6 பிரதிகள் போதும். வகுப்பு எழுத்து வேலையில் இருக்கும்போது ஆறாறு பேராக அழைத்து, ஆளுக்கு இரண்டு சொல் கொடுத்தால், ஒரு சுற்றுக்கு 4 நிமிடம் என்று 24 நிமிடத்தில் முடிந்துவிடும். விடை சரியா என்பதைவிடத் தேடும் விதத்தைக் கவனிப்பது பயன் தரும். முதலில் எங்கே திறக்கிறார்? ‘மகிழ்’ என்ற சொல்லுக்கு முன்பாதியைத் திறந்தால் வரிசையின் பரப்பு இன்னும் மனதில் பதியவில்லை. சரியான எழுத்துக்கு வந்த பிறகு முன்னும் பின்னுமாக அலைந்தால், அவருக்கு இரண்டாம் எழுத்தில் சிக்கல். சீட்டு அடுக்கும் வேலைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நேரே பக்கத்துக்கு வந்துவிட்டு ‘இந்தச் சொல் இல்லை’ என்று கை விரிப்பவருக்கு வரிசை தெரியும், வடிவம் மாற்றத்தான் வரவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. எல்லாரையும் சேர்த்து ‘இன்னும் பயிற்சி தேவை’ என்று எழுதிவிடுவதால் எந்தப் பலனும் இல்லை.

அகராதியில் ஒரு சொல் இல்லை என்பதாலேயே அது தவறான சொல் ஆகிவிடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். படித்தவன், ஓடாதவர்கள் போன்றவற்றுக்கெல்லாம் தனிப் பதிவு இருக்காது. தற்கால வழக்குக்கான அகராதியில் பழைய இலக்கியச் சொல் பலவும் கிடைக்காது.

பணம் கொஞ்சம் கிடைக்கும்போது, விதவிதமான சிறு அகராதிகளை வாங்கி அலமாரியை நிரப்பும் ஆசை பள்ளிகளுக்கு வருவதுண்டு. ஆறாறு பேராக உட்காரும் வகுப்புக்கு, ஒரே பதிப்பின் 6 பிரதிகள் வெவ்வேறு அகராதிகளின் 15 பிரதிகளைவிட அதிக வேலை செய்யும். வகுப்பு 40 பேரைத் தாண்டினால் மட்டும் அதே பதிப்பில் இன்னும் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளலாம்.